பேச்சோசையிலிருந்து பிறந்த பண்

மனிதர் பேசும்போது அவர்தம் குரல் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. வினாவின் இறுதியில் அது மேலெழும். முடிந்த முடிபைக் கூறும்போது கீழிறங்கும். அச்சத்தில் ஒரே இடத்தில் நின்று நடுங்கும். எடுத்தல், படுத்தல், நலிதல் என நம் இலக்கண நூலார் வகுத்த ஓசை வேறுபாடுகள் எல்லா மொழிகளிலும் ஏதோ ஒரு வகையில் உள்ளன. இவ்வேற்ற இறக்கத்தை அப்படியே எடுத்துச் சுரங்களாக எழுதிவிட்டால் அது பாட்டாகுமா என்னும் வினா ஐரோப்பிய இசையாளரை ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக ஈர்த்து வந்திருக்கிறது. அவ்வினாவுக்கு விடை தேடி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவிலும் சந்தையிலும் புகையிரத நிலையத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவர் மொராவிய நாட்டு இசையாசிரியராகிய லியோஷ் யானாச்செக் என்பவர். அவருடைய முயற்சியின் இயல்பை உணர்வதற்கு, அவருக்கு முன் இத்துறையில் இறங்கிய இருவரை முதலில் நோக்குதல் வேண்டும்.

முதல்வர் இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரத்தவராகிய யாக்கோப்போ பேரி. 1600ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், பிரான்சிய மன்னன் நான்காம் ஹென்றிக்கும் மரியா டி மெடிச்சிக்கும் நிகழ்ந்த திருமணத்தையொட்டி, இவருடைய ‘எயுரிடீச்சே’ என்னும் இசைநாடகம் அந்நகரில் அரங்கேறிற்று. பழங்காலக் கிரேக்கர் தம் நாடகங்களைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட ஒரு முறையில் நடித்தனர் என்பது அக்காலப் புளோரன்ஸ் அறிஞரின் கொள்கை. அவ்விடைப்பட்ட முறையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பேரி ஏற்றார். அவரே சிறந்த பாடகர். ஆதலால் நூலை மட்டும் நம்பாது காதையும் நம்பினார். தாம் கண்டதை அந்நாடகத்தின் அச்சுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அவர் விளக்கியுள்ளார்.

அவர் கண்டது இதுவே: பேசுவோர் ஒரு வாக்கியத்தின் எல்லா அசைகளையும் ஒரே அளவாக ஊன்றிச் சொல்வதில்லை. சில அசைகளிற் குரல் சுரம்போலத் தெளிந்து நிற்கிறது. ஏனைய அசைகளை அது விரைந்து கடந்து செல்கிறது. பின் மற்றோர் அசையில் மீண்டும் ஊன்றுகிறது. பாடகனும் ஊன்றும் அசைகளை மட்டும் அடிக்குரல் வாத்தியத்தோடு இசைந்த சுரத்தில் நிறுத்துவானாயின், இடைப்பட்ட அசைகள் இசைந்தும் இசையாமலும் கடந்து போகலாம். கேட்போர் காதுக்கு அவை குற்றமாகத் தோன்றா. மகிழ்ச்சிப் பேச்சில் ஊன்றிடங்கள் நெருங்கி வரும். துயரப் பேச்சில் அவை விலகி நிற்கும். ஆகவே அடிக்குரலும் அதற்கேற்ப விரைந்தோ தயங்கியோ நகரும். பேச்சிலிருந்து எதனை எடுப்பது, எதனை விடுவது என்னும் கேள்விக்கு வரலாற்றில் எழுத்திற் கிடைக்கும் தெளிவான முதல் விடைகளுள் இஃது ஒன்று.

இரண்டாமவர் உருசிய நாட்டு முசோர்க்ஸ்கி. இவர் விடுவதற்கு எதுவுமில்லை என்று துணிந்தவர். 1868ஆம் ஆண்டுக் கோடைகாலத்திற் கொகோல் எழுதிய ‘திருமணம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தின் உரைநடையை எடுத்து, பாட்டுக்கேற்றவாறு யாப்பில் மாற்றியமைக்காது, பாத்திரங்களின் பேச்சு எவ்வாறு ஒலிக்குமோ அவ்வாறே சுரப்படுத்தத் தொடங்கினார். சோம்பேறித் தலைவனின் முணுமுணுப்பும் வேலைக்காரனின் அசட்டை மறுமொழியும் தரகுக்காரியின் ஓயாப் பேச்சும் வேறுவேறாக ஒலித்தன. நண்பர்கள் கேட்டு வியந்தனர், நகைத்தனர். ஆயினும் முதல் அங்கத்துக்கு அப்பால் அவ்வேலை செல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் தனக்குரிய சுரவடிவத்தைப் பெற்றபோது, ஒன்று மற்றொன்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. முன்பு கேட்டது மீண்டும் வருவதில்லை. ஆதலின் கேட்பவன் நினைவில் எதுவும் தங்குவதில்லை. பேச்சைப் படியெடுத்தல் ஒன்று, பண்ணமைத்தல் வேறொன்று என்பதை இம்முயற்சி காட்டிற்று. முசோர்க்ஸ்கி அதே ஆண்டில் அதனை நிறுத்தி ‘போரிஸ் கொடுனோவ்’ என்னும் பெருநாடகத்திற் புகுந்தார். அங்கே பேச்சோசையோடு நாட்டுப் பாடலின் சாயலும் மீண்டும் மீண்டும் வரும் இசைத்தொடர்களும் சேர்ந்து நாடகத்தைத் தாங்கின.

யானாச்செக் 1854ஆம் ஆண்டில் மொராவியாவிலுள்ள ஹுக்வால்டி என்னும் சிற்றூரில் ஆசிரியர் குடும்பமொன்றிற் பிறந்தார். வாழ்நாளிற் பெரும்பகுதியைப் பிர்னோ நகரில் இசை கற்பிப்பதிற் கழித்தார். அந்நாடு அப்போது ஒஸ்திரிய அரசின் ஆட்சியில் இருந்தது. நகரில் செல்வாக்குற்றோரின் மொழி ஜெர்மன். செக் மொழி பேசும் ஆசிரியர் ஒருவருக்குத் தம் மொழியின் ஓசை வெறும் ஓசையன்று, உரிமைப் பொருளுமாம். 1880களின் பிற்பகுதியிலிருந்து அவர் கிராமங்களிற் சென்று நாட்டுப்பாடல்களைத் தொகுத்தார். பாடல்களின் சுரங்கள் அவற்றைப் பாடுவோரின் பேச்சிலிருந்தே முளைத்தன என்னும் எண்ணம் அங்கே அவருக்கு வலுப்பெற்றது. 1897ஆம் ஆண்டளவிலிருந்து பேச்சையே முறையாகச் சுரப்படுத்தி எழுதலானார். இறக்கும்வரை, அதாவது 1928ஆம் ஆண்டுவரை, அப்பழக்கம் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான அத்தகைய குறிப்புகள் அவருடைய ஏடுகளில் உள்ளன.

அவர் எழுதிய முறை எளியது. சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு. காதில் விழுந்த தொடரின் மேல் சுரக்கோடுகள், கீழே சொற்கள், பக்கத்திற் பேசியவர் யார், எங்கே, எந்த வேளையில், எந்த மனநிலையில் என்ற சிறு குறிப்பு. இக்கடைசிக் குறிப்பே இன்றியமையாதது என அவர் கருதினார். பேசியவர் நிலை தெரியாதபோது சுரம் வெறுங்கூடு என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில், நொடியின் ஆயிரத்திலொரு பங்கையும் அளக்கவல்ல ஹிப் என்பாரின் காலமானியைக்கொண்டு அசைகளின் நீளத்தை அளக்கவும் முயன்றார்.

முறை எளியதாயினும் வேலை எளியதன்று. செக் மொழியில் ‘நல்ல நாள்’ எனப் பொருள்படும் பொதுவணக்கமாகிய ‘டொப்ரீ டென்’ என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்க. தமிழிற் போலவே அம்மொழியிலும் குறில் நெடில் வேறுபாடு சொற்பொருளையே மாற்றவல்லது. ஆனால் அழுத்தமோ எப்போதும் சொல்லின் முதலசையில் விழும். அவ்வசை குறிலாயினும் சரியே. ஆகவே ‘டொ’ அழுத்தமுள்ள குறில். ‘ப்ரீ’ அழுத்தமற்ற நெடில். ‘டென்’ மீண்டும் குறில். கால அளவில் இதனை ஒன்று, இரண்டு, ஒன்று என எழுதலாம். வலிமை முன்னே நிற்க, நீளம் பின்னே நிற்கிறது. அடித்துவிட்டுத் தேங்கும் இந்நடை செக் மொழியின் தனி நடை. யானாச்செக்கின் இசையை ஒரு கணம் கேட்டவரும் அதனை உணர்வர்.

இனிச் சுரம். பேசுபவரின் குரல் ஓய்வு கொள்ளும் மட்டத்தைச் சட்சமெனக் கொள்க. அயலவர் ஒருவர் மரியாதைக்காகச் சொல்லும் வணக்கத்தில் ‘டொ’ காந்தாரத்தில் விழ, ‘ப்ரீ’ காந்தாரத்திலிருந்து வழுக்கி ரிஷபத்தை அடைய, ‘டென்’ சட்சத்தில் அமர்கிறது என வைத்துக்கொள்வோம். இவ்விடத்திலேதான் எழுதுவோனுக்கு இடர் தோன்றுகிறது. பாடுங்குரல் ஒரு சுரத்தில் நிற்கும். பேசுங்குரல் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டே செல்லும். ‘ப்ரீ’ என்பது காந்தாரமா, ரிஷபமா? இரண்டும்; இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லாமும். வல்லின மெய்கள் சில ஒலிக்கும் கணத்திற் குரலே இல்லை. அங்கே சுரமென ஒன்றும் இல்லை. ஆதலால் காது எங்கே தங்குகிறதோ அவ்விடத்தை எழுதுவோன் தேர்ந்துகொள்ள வேண்டும். நெடிலின் முடிவில் தங்குகிறதெனில் அதனை ரிஷபமென எழுதுவான்: க – ரி – ச.

அதே வணக்கத்தை வேலை மும்முரத்திலுள்ள கடைக்காரர் ஒருவர் சொன்னால் மூன்றசையும் ஏறக்குறைய ஒரே சுரத்தில் அடங்கக்கூடும். நெடுநாட் காணாத தோழியைக் கண்ட பெண்ணொருத்தி சொன்னாற் குரல் சட்சத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவி மத்திமத்தில் நிற்கவும் கூடும்: ச – ப – ம. மூவர் வணக்கத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒன்று தெளிவாகும். சுரம் மூவரிடத்தும் மாறிற்று. ஒன்று, இரண்டு, ஒன்று என்னும் கால நடையோ, விரைவு வேறுபட்டாலும், பெரிதும் மாறவில்லை. நடை மொழியினுடையது, வடிவம் மனிதருடையது. பேச்சோசையிலிருந்து பண்ணமைப்போன் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

அடுத்த படி முசோர்க்ஸ்கி இடறிய படி. க – ரி – ச என்னும் துண்டு கிடைத்தபின் அதனைப் பாடகன் வாயில் வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குச் சென்றால் அது மறைந்துபோகும். யானாச்செக் அவ்வாறு விடுபவரல்லர். சிறுதுண்டொன்றைப் பல்லியக் குழுவுக்குக் கொடுத்து அதனை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்வது அவருடைய இசையிற் காணும் வழக்கம். பாடகன் வாய்மூடி நிற்கும்போதும் அவன் சொன்னது வயலினில் ஒலித்துக்கொண்டிருக்கும். மூன்று தடவை அவ்வாறே வந்த துண்டு நான்காம் தடவையில் ஒரு சுரம் உயர்ந்து வரலாம். அல்லது சட்சத்தில் அமரவேண்டிய முடிவு அரைச்சுரம் தவறி நிற்கலாம். அப்போது வணக்கம் ஐயமாக மாறும். சொல் மாறவில்லை, சொன்னவர் உள்ளம் மாறிற்று என்பதைக் கேட்போர் அறிவர். பேச்சின் ஒரு கணத்தை நாடகத்தின் நினைவாக மாற்றும் வழி இதுவே.

இம்முறை முதலில் முழுமையாக விளங்கியது ‘யெனூபா’ என்னும் இசைநாடகத்தில். கப்ரியேலா பிரெய்சோவா என்னும் பெண் எழுத்தாளர் எழுதி 1890ஆம் ஆண்டில் மேடையேறிய கிராமிய உரைநடை நாடகத்தை யானாச்செக் எடுத்துக்கொண்டார். இசைநாடகமென்றாற் செய்யுள் வேண்டுமென்பது அக்கால வழக்கம். அவர் உரைநடையையே சுருக்கி இசையமைத்தார். 1894ஆம் ஆண்டிற் தொடங்கிய வேலை முதல் அங்கத்தோடு சில ஆண்டுகள் நின்றது. பேச்சோசை ஆராய்ச்சி வளர்ந்தது அவ்விடைவெளியிலேதான். பின்னிரண்டு அங்கங்களும் அதன்பின்னர் எழுந்தன.

அவ்வேலை முடியுந் தறுவாயில் அவருடைய மகள் ஒல்கா இறக்கும் நிலையிற் கிடந்தாள். வயது இருபது. உருசியா சென்றிருந்தபோது பற்றிய நெருப்புக்காய்ச்சலிலிருந்து அவள் மீளவில்லை. தந்தையின் நாடகத்தைக் கேட்க விரும்பினாள். அவர் அதனைப் பியானோவில் வாசித்துக் காட்டினார். 1903ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் அவள் இறந்தாள். அந்நாட்களில் அவள் பேசிய சொற்களையும், கடைசியில் எழுந்த பெருமூச்சையும், தந்தை தம் குறிப்பேட்டிற் சுரமாக எழுதினார். இதனைப் படிப்போரிற் சிலருக்கு அச்செயல் கொடிதாகத் தோன்றலாம். ஆனால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒருவர் பேசிய ஓசை அவர் உயிரின் ஒரு துண்டு என நம்பியவர், அவ்வுயிர் நீங்கும்போது கைகட்டி நிற்றல் இயலாது. ‘யெனூபா’வை அவர் மகளின் நினைவுக்கே உரிமையாக்கினார்.

நாடகம் 1904ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் பிர்னோவில் அரங்கேறிற்று. பிராக் நகரத் தேசிய அரங்கு அதனை ஏற்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 1916ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே அது வெற்றிபெற்றபோது யானாச்செக்குக்கு வயது அறுபத்தொன்று. அவ்வேளையில் ஒரு தவறான கருத்தும் பரவிற்று. தெருவிற் கேட்ட மனிதரின் பேச்சை அவர் பொறுக்கியெடுத்து நாடகத்தில் ஒட்டியுள்ளார் என்றனர் சிலர். அவர் அதனை வன்மையாக மறுத்தார். ஓவியன் பலர் முகத்தையும் வரைந்து பயில்வது, பின்பு தான் கற்பனை செய்யும் முகத்துக்கு எலும்பும் தசையும் தெரிந்திருக்க வேண்டுமென்பதற்காக. சந்தையிற் கண்டவரின் முகத்தைத் தெய்வத்தின் உடலில் ஒட்டுதற்கன்று. யானாச்செக்கின் குறிப்பேடும் அத்தகைய பயிற்சியேயாகும். அவருடைய குறிப்புகளை ஆராய்ந்தோர் வேறொன்றையுஞ் சுட்டியுள்ளனர்: அவர் கேட்டெழுதிய பேச்சு வியக்கத்தக்க வகையில் அவருடைய இசையையே ஒத்திருக்கிறது. கேட்கும் காதும் ஓர் இசையாளனுடையதே. வழுக்கிச் செல்லும் ஓசையில் எங்கே தங்குவதென அவர் தேர்ந்தபோதே அவருடைய பண் தொடங்கிவிட்டது.

இம்முறையின் எல்லை வேற்றுமொழியிற் பாடும்போது வெளிப்பட்டது. எழுத்தாளர் கவ்காவின் நண்பராகிய மக்ஸ் பிரோட் ‘யெனூபா’வை ஜெர்மனில் மொழிபெயர்க்க, 1918ஆம் ஆண்டில் வியன்னாவில் அது மேடையேறிற்று. முன்னைய வணக்கத்தையே மீண்டும் எடுத்தால் இடர் விளங்கும். ‘டொப்ரீ டென்’ என்பதற்கு நிகரான ஜெர்மன் வணக்கம் ‘கூடன் டாக்’. அசைகள் மூன்றே, ஆயினும் முதலசை அழுத்தமும் நீளமும் ஒருங்கே பெற்றது, இரண்டாமசை வாயில் மாய்ந்துபோகும் சிற்றோசை. ஒன்று, இரண்டு, ஒன்று என்னும் நடையில் இதனைப் பாடினால், மாயவேண்டிய அசை நீண்டு நின்று நகைப்பூட்டும். மொழிபெயர்ப்போன் சொல்லை வளைக்க வேண்டும். அன்றேல் சுரத்தின் காலத்தை மாற்ற வேண்டும். ஒன்றைக் காத்தால் மற்றொன்று கெடும். இதிலிருந்தே ஒரு சோதனையும் கிடைக்கிறது. ஒரு மெட்டில் அதே எண்ணிக்கையுள்ள வேறு அசைகளை இட்டுப் பாடியும் குறை தோன்றாதெனில் அம்மெட்டு அந்த வாக்கியத்திலிருந்து பிறந்ததன்று, மேலே போர்த்தப்பட்டது.

மொழி தெரியாவிடினும் காது வேலை செய்யும் என்பதற்கும் யானாச்செக்கே சான்று. 1921ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இரவீந்திரநாத தாகூர் பிராக் நகருக்கு வந்தபோது யானாச்செக் அவைக்குச் சென்று அவருடைய குரலைக் கேட்டார். கேட்ட குரலின் ஏற்ற இறக்கங்களைச் சுரத்தில் எழுதிப் பிர்னோவிலிருந்து வெளிவந்த ‘லிடொவே நோவினி’ என்னும் செய்தித்தாளிற் கட்டுரையாக வெளியிட்டார். மறு ஆண்டில், பரிசமணியைத் தேடியலையும் பித்தனைப் பற்றிய தாகூரின் கவிதையை எடுத்து ஆடவர் குழுப்பாடலாக அமைத்தார். ஆனால் அதற்கு அவர் கொண்டது செக் மொழிபெயர்ப்பையே. கேட்ட குரல் அவரை அக்கவிஞரிடம் ஈர்த்தது. பாடலின் நடையைத் தந்ததோ அவருடைய தாய்மொழியே.

ஒலிப்பதிவு நாடா வந்தபின் சுரத்தில் எழுதவேண்டிய தேவையே நீங்கிற்றெனத் தோன்றலாம். 1988ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஸ்டீவ் ரைக் ‘வெவ்வேறு புகையிரதங்கள்’ என்னும் படைப்பில் தம்மை வளர்த்த செவிலி, முதிய புகையிரதப் பணியாளர், நாசிகளின் கொடுமைக்குத் தப்பியவர்கள் ஆகியோரின் பதிவுசெய்த பேச்சையே ஒலிக்கச்செய்து, அப்பேச்சின் சுரங்களை நரம்பிசைக் கருவிகளில் வாசிக்கச் செய்தார். பேசியவர் குரல் ஒரு மயிரிழையுந் தவறாது அங்கே உள்ளது. ஆயினும் நீண்ட பேச்சுகளிலிருந்து சுரம் தெளிந்த சிறு தொடர்களை மட்டுமே அவர் தேர்ந்தார்; அவற்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தார்; பேசுவோர் மாறுந்தோறும் காலவேகத்தையும் மாற்றினார். எல்லாவற்றையும் கேட்டுவைக்கும் கருவி இருந்தும், எதனைப் பற்றுவது என்னும் கேள்வி பேரியின் காலத்திற் போலவே மனிதன் காதுக்கே விடப்பட்டது.

ஒல்காவின் கடைசிப் பெருமூச்சு இரண்டொரு சுரமாக அக்குறிப்பேட்டில் நின்றுவிட்டது. அதிலிருந்து தந்தை பண் எதுவும் வளர்க்க வேண்டியிருக்கவில்லை. அத்தகைய கணங்களைக் கேட்கப் பழகிய காது ‘யெனூபா’வில், தன் குழந்தை இறந்ததெனக் கேட்கும் இளந்தாயொருத்திக்குக் குரல் கொடுத்தது.